எண்பது நிமிடப் பேச்சுக்கு ஒரு பக்கக் குறிப்பு

பதிவு எண்பது நிமிடம். அதற்கு முன்னால் வைக்க வேண்டிய அறிமுகக் குறிப்பு ஒரே ஒரு பக்கம். பேச்சைப் பதிவு செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தை எழுதி முடிக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. நான்கு முறை எழுதினோம். முதல் மூன்றையும் தூக்கிப் போட்டதற்கான காரணங்களை இங்கே எழுதி வைக்கிறோம். நம் ஊர்களில் இப்போது நிறைய பிள்ளைகள் கைபேசியில் தாத்தா பாட்டியின் பேச்சைப் பதிவு செய்கிறார்கள். கோப்பின் பெயர் 'பாட்டி பேச்சு 3' என்று இருக்கிறது. பத்து வருடம் கழித்து அதைத் திறப்பவருக்கு யார் பேசியது, எப்போது, எந்த ஊர், எதைப் பற்றி என்று எதுவும் தெரியாது. நாங்கள் செய்த தவறு அதற்கு நேர் எதிரானது. நாங்கள் அளவுக்கு மீறி எழுதிவிட்டோம்.

பேசியவர் பழைய கீழத் தஞ்சைப் பகுதியில் நடவும் அறுப்புமாக வாழ்ந்து முடித்த ஒரு மூதாட்டி. எங்கள் மூவரில் ஒருவருக்கு அப்பாவைப் பெற்ற அம்மா. அதனால் நாங்கள் எல்லோருமே அப்பாயி என்றுதான் கூப்பிடுகிறோம். அவருடைய பெயரும் ஊரும் இங்கே வராது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

முதல் குறிப்பின் தலைப்பு இப்படி இருந்தது: 'கீழ்வெண்மணிப் படுகொலையின் நேரடி சாட்சி: ஒரு தலித் மூதாட்டியின் வாக்குமூலம்'. எழுதி முடித்தபோது எங்களுக்கே பெருமையாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, பதிவை மறுபடி முழுதாகக் கேட்டபடி தலைப்பைப் பார்த்தோம். அதில் 'மூதாட்டி' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்ற எதுவும் நிற்கவில்லை.

அப்பாயி வெண்மணிக்காரர் இல்லை. சில மைல் தள்ளி இருக்கும் வேறு ஊர். 1968 டிசம்பர் 25 இரவைப் பற்றி அவர் பேசியது மொத்தமே எட்டு நிமிடம். அதிலும் அவர் சொன்னது மிகத் தெளிவாக இருந்தது: "நா கண்ணால பாக்கலப்பா. ராத்திரி வானம் செவப்பா இருந்துச்சு. வைக்கப்போர்ல நெருப்புன்னு நெனச்சோம். விடிஞ்சாப்புலதான் ஆளு வந்து சொன்னுச்சு." கண்ணால் பார்த்தது சிவந்த வானம். காதால் கேட்டது மறுநாள் வந்த ஆள் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் அவரே ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். நாங்கள்தான் அந்தக் கோட்டை அழித்துவிட்டு 'நேரடி சாட்சி' என்று எழுதினோம்.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. வெண்மணியில் ஒரே குடிசைக்குள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரை எரித்துக் கொன்றார்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை கொடுத்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் அங்கே எடுபட்டது. நம் ஆட்களின் சாட்சியம் எடுபடவில்லை. அந்த வரலாறு தெரிந்த நாமே, பார்க்காததைப் பார்த்ததாக ஒரு பாட்டியின் தலையில் எழுதி வைத்தால் என்ன ஆகும்? நாளைக்கு எவராவது பதிவைக் கேட்டுவிட்டு 'இதோ, இந்த அம்மா பார்க்கவே இல்லை என்கிறார், குறிப்பு பொய் சொல்கிறது' என்பார். அதோடு நிற்காமல் மீதி எழுபத்திரண்டு நிமிடத்தையும் சேர்த்துப் பொய் என்பார். அந்த எழுபத்திரண்டு நிமிடத்தில் அப்பாயி சொன்னவை எல்லாம் அவர் உடம்பால் அறிந்தவை.

எனவே இரண்டாவது குறிப்பில் இப்படி மாற்றினோம்: 'வெண்மணி நிகழ்ந்த இரவில் தம் ஊரிலிருந்து கண்டதையும், மறுநாள் காலை கேள்விப்பட்டதையும் கூறுகிறார்.' தலைப்பிலிருந்து வெண்மணியை எடுத்துவிட்டோம். எடுத்தபோது எங்களில் ஒருவருக்கு வருத்தம். வெண்மணி என்ற பெயர் இருந்தால்தான் கேட்பார்கள் என்றார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்காக வருகிறவர் எட்டு நிமிடத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

'வாக்குமூலம்' என்ற சொல்லும் போனது. அது காவல் நிலையத்தில் கொடுப்பது. அப்பாயிக்கு அந்த இடத்தைப் பற்றி நல்ல நினைவுகள் இல்லை. 'பேட்டி' என்றால் அது சினிமாக்காரர்களுக்கும் மந்திரிகளுக்கும் உரியது என்று சிரித்தார். எம்.ஏ. சமூகவியலில் எங்களுக்குச் சொல்லித் தந்த சொல் 'தகவலாளி'. ஆய்வேட்டில் முந்நூறு முறை எழுதிய சொல் அது. சங்கத்தில் இருந்த ஒரு குடும்பத்தில் போய் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். போலீசுக்கு ஆள் காட்டிக் கொடுத்தவன் என்று அர்த்தம் வரும். அப்பாயியின் மகன் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கடைசியில் 'வாய்மொழி வரலாற்று நேர்காணல்' என்று மேலேயும், 'பேசியவர்', 'கேட்டவர்கள்' என்று உள்ளேயும் எழுதினோம். மதிப்பான சொல்லைத் தேடி 'அம்மையார்' என்றும் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். "காரைக்கால் அம்மையாரா நானு?" என்றார். 'அவர்', 'கூறுகிறார்' என்பதே போதுமென்று விட்டோம். வாடி, போடி என்று மிராசுதார் வீட்டுச் சின்னப் பையன்கள் கூப்பிட்டே வளர்ந்தவருக்கு, ஒவ்வொரு வரியிலும் தவறாமல் 'அவர்' என்று வருவதே மரியாதை.

'தலித்' என்ற சொல் எண்பது நிமிடத்தில் ஒரு இடத்தில்கூட அவர் வாயில் வரவில்லை. எங்களுக்கு அது அரசியல் சொல், நாங்களாக எடுத்துக்கொண்ட சொல். அவரிடம் படித்துக் காட்டியபோது, "அது யாரு வச்ச பேரு?" என்று கேட்டார். விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க போட்டுக்கங்க. நான் சொன்னதா போடாதீங்க" என்றார். இதைவிடத் தெளிவாக எந்தக் கையேடும் சொல்லாது. குறிப்பில் சூழலைச் சொல்லும் பத்தி எங்களுடையது. அங்கே தலித் என்ற சொல் இருக்கிறது. அவர் பேசியதைச் சொல்லும் பத்தியில் அவர் பயன்படுத்திய 'எங்க தெரு', 'எங்க ஆளுவ' என்பவற்றை மேற்கோள் குறிக்குள் வைத்தோம். 'சேரி' என்று அவர் பல இடத்தில் சொல்கிறார். அது எழுத்துப்படியில் அப்படியே இருக்கும். குறிப்பில் நாங்களாக அதை எழுதவில்லை.

இன்னொரு சிக்கல் எதிர்த்திசையில் வந்தது. அப்பாயி இன்றைக்கும் மிராசுதாரைப் பற்றிப் பேசும்போது 'ஆண்டை' என்றுதான் சொல்கிறார். அடித்ததைச் சொல்லும்போதுகூட 'ஆண்டை சொன்னாவ' என்று மரியாதையோடுதான் வருகிறது. அது எழுபது வருடப் பழக்கம். முதல் குறிப்பில் நாங்களும் அதைப் பிடித்துக்கொண்டு 'ஆண்டை வீட்டில் வேலை செய்தார்' என்று எழுதியிருந்தோம். அவர் வாயில் அது தழும்பு. நம் எழுத்தில் அது வந்தால் நாமும் அந்த ஆளை ஆண்டை என்று ஒப்புக்கொண்டதாகும். 'மிராசுதார்' என்று மாற்றினோம்.

அடுத்தது தேதி. இதில்தான் இரண்டு வாரம் போனது.

நேர்காணல் நடந்த தேதியில் குழப்பமில்லை. 2024 பிப்ரவரி 11 காலையில் 42 நிமிடம், பிப்ரவரி 25 மாலையில் 38 நிமிடம். இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். இரண்டாவது நாளில் மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் இல்லை. யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பேச்சு மாறும். முதல் நாள் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயத்தை இரண்டாம் நாள் கேட்டபோது, "அதெல்லாம் எதுக்கு" என்றார். உடன் இருந்தவர்கள் யார் என்ற ஒரு வரி இல்லாவிட்டால் பின்னால் கேட்பவருக்கு இது புரியாது.

குழப்பம் வந்தது பிறந்த வருடத்தில். ஆதார் அட்டையில் 01-01-1944 என்று இருக்கிறது. நம் தெருக்களில் முதியவர்கள் பலரும் ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்திருக்கிறார்கள். அட்டை போட வந்தவர் முகத்தைப் பார்த்து வருடத்தைப் போட்டு, தேதிக்கு ஒன்றைத் தட்டிவிடுவார். குறிப்பில் கண்ணை மூடிக்கொண்டு 'வயது 80' என்று எழுதிவிட்டோம். பிறகு பதிவில் அவரே கொடுத்த கணக்கைக் கவனித்தோம். "ஆளாயி ரெண்டு வருசம் கழிச்சு கல்யாணம். புயலடிச்ச வருசம்."

எந்தப் புயல்? எங்கள் தலைமுறைக்குப் புயல் என்றால் 2018 கஜா. எங்கள் அப்பாக்களுக்கு 1977 நவம்பர் 12-ஆம் தேதி நாகைப் புயல். அப்பாயிக்கு அதற்கும் முந்தையது. 1952 நவம்பர் 30-இல் ஒன்று நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரை கடந்தது. 1955 டிசம்பர் முதல் தேதி வாக்கில் இன்னொன்று பழைய தஞ்சை மாவட்டத்தின் தெற்கே ராஜாமடம் பக்கம் கரை கடந்தது. 'புயலடிச்ச வருசம் எது?' என்று கேட்டால் வருடம் வராது. வருடத்தைக் கேட்பதே தப்பு. 'புயலுக்கு முன்னாடி என்ன பண்டிகை வந்துச்சு, வயல்ல என்ன நின்னுச்சு' என்று கேட்க வேண்டும். கேட்டோம். "கார்த்திக்குத் திண்ணையில அவலு வச்சோம். காத்து அணைச்சுப்புட்டுது. சம்பா நின்னுச்சு" என்றார்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தோம். 1977-இல் புயல் வந்தது அமாவாசையை ஒட்டி, தீபாவளி முடிந்த கையோடு. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆகவே அந்தப் புயல் இல்லை. தவிர, வெண்மணி நடந்த வருடம் மூத்த மகள் தன்னோடு நடவுக்கு வந்தாள் என்று வேறொரு இடத்தில் சொல்கிறார். நடவுக்கு வரும் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதாவது இருக்க வேண்டும். அந்த வழியிலும் கல்யாணம் ஐம்பதுகளில்தான் வருகிறது. மீதி இரண்டு புயலையும் பார்த்தால், 1952-இலும் 1955-இலும் புயல் பௌர்ணமியை ஒட்டியே வந்திருக்கிறது. இரண்டும் கார்த்திகை தீபத்தோடு ஒட்டியவை. அப்பாயியின் அகல் விளக்கு இரண்டுக்கும் பொருந்துகிறது. 1955 புயலில் கடல் நீர் உள்ளே வந்தது, அவர் தண்ணீரைச் சொல்லவே இல்லை, ஆகவே 1952 என்று எங்களில் ஒருவர் வாதாடினார். ஆனால் அவர்கள் ஊர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எந்தப் புயலிலும் கடல் அங்கே வந்திருக்காது. இதற்கு மேல் எங்களால் போக முடியவில்லை.

கல்யாணத்தின்போது பதினைந்து என்று வைத்தால் பிறந்தது 1937-லிருந்து 1940-க்குள். ஆதாரை நம்பினால் எட்டு வயதிலோ பதினோரு வயதிலோ கல்யாணம். அவர் சொன்ன 'ஆளாயி ரெண்டு வருசம்' அதோடு ஒத்துப்போகாது. குறிப்பில் கடைசியாக எழுதியது இது: 'ஆதார் அட்டையில் பிறந்த ஆண்டு 1944. தம் திருமணத்தைக் கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்த ஒரு புயலோடு சேர்த்துச் சொல்கிறார். அது 1952 அல்லது 1955 ஆகலாம். அதன்படி வயது 84 முதல் 87 வரை.' ஒரே எண்ணாகப் போட்டிருந்தால் பார்க்க அழகாக இருந்திருக்கும். ஆனால் அந்த எண்ணை வைத்து இன்னொருவர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்.

இடத்தின் பெயரிலும் இதே கதை. அப்பாயி 'தஞ்சாவூர் ஜில்லா' என்கிறார். நாகப்பட்டினம் தனி மாவட்டம் ஆனது 1991-இல்தான். இப்போதைய பெயரை மட்டும் போட்டால் பழைய ஆவணங்களோடு இதைச் சேர்த்துப் படிக்க முடியாது. பழையதை மட்டும் போட்டால் இன்றைய பிள்ளைகள் தஞ்சாவூர் பெரிய கோயில் பக்கம் என்று நினைப்பார்கள். இரண்டையும் எழுதினோம்.

இனி, அவர் பேசிய பொருள்கள். எங்கள் முதல் குறிப்பில் இந்தப் பகுதி ஒரு பாடத்திட்டம் போல இருந்தது. 'சாதிய வன்கொடுமை, கூலிச் சுரண்டல், பாலின ஒடுக்குமுறை, எதிர்ப்பு அரசியல்.' எந்த ஊர்ப் பாட்டியின் பேச்சுக்கும் இதை ஒட்டலாம். அப்பாயி பேசியதில் பாதிக்கு மேல் அளவைப் பற்றி இருந்தது. களத்து மேட்டில் நெல் அளப்பது.

எண்பது நிமிடத்தில் அவர் குரல் உயர்ந்த ஒரே இடமும் அதுதான். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்பது ஏட்டுக் கணக்கு. மரக்காலில் நெல்லை எப்படிப் போடுகிறார்கள், மேலே எப்படி விடுகிறார்கள் என்பதில்தான் வயிறு நிறைவதும் காய்வதும் இருந்தது என்று அவர் சொல்கிறார். மிராசுதார் வீட்டுக் குதிருக்குப் போகும்போது மரக்காலை அமுக்கிக் குலுக்கி, மேலே கோபுரம் போலக் குவித்து அளப்பார்கள். அதே ஆள் அதே மரக்காலால் கூலி அளக்கும்போது நெல்லை மேலிருந்து பொலபொலவென்று விடுவார். குலுக்கமாட்டார். மேலே நிற்பதைக் கையால் தட்டிவிடுவார். கூலிக்கென்று ஒதுக்கும் நெல்லில் களத்தின் ஓரத்துப் பதரும் மண்ணும் கலந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் புடைத்தால் முறத்தில் பறக்கும் கருக்காயைப் பார்த்துத்தான் எவ்வளவு போச்சு என்று தெரியும். எதிர்த்துக் கேட்க முடியாது. ஆனால் அப்பாயியின் மாமியார் கேட்டிருக்கிறார். அளக்கிறவரிடம், "தம்பி, நெல்லுக்குத் தலை வலிக்குதா, இந்தத் தட்டுத் தட்டுற?" என்று கேட்டாராம். களமே சிரித்ததாம். அதற்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை.

இந்தப் பத்து நிமிடத்தை 'கூலிச் சுரண்டல்' என்ற இரண்டு சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டால், நாளைக்கு மரக்காலைப் பற்றித் தேடுகிற ஒரு மாணவிக்கு இந்தப் பதிவு கிடைக்கவே கிடைக்காது. அவர் 'மரக்கால்' என்று தேடுவார், 'கருக்காய்' என்று தேடுவார். குறிப்பில் அந்தச் சொல் இருந்தால்தான் கதவு திறக்கும். பொருள்களை எங்கள் தலைப்புகளின் வரிசையில் அல்லாமல் அவர் பேசிய வரிசையில், நிமிடத்தோடு எழுதினோம். வரிசையை மாற்றாமல் விட்டதால் வேறொன்றும் தெரிந்தது. வெண்மணியைப் பற்றி நாங்கள் கேட்டுத்தான் பேசினார். மரக்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, தானாகவே பேசினார். இதையும் குறிப்பில் சொல்லியிருக்கிறோம். 'கேட்டவர்களின் கேள்விக்குப் பதிலாக' என்ற மூன்று சொல் போதும்.

வெண்மணியைப் பற்றிய எட்டு நிமிடத்துக்குள்ளும் ஒரு திருத்தம் வந்தது. 'அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக' என்று எல்லா மேடையிலும் நாம் சொல்வதை நாங்களும் சூழல் பத்தியில் எழுதியிருந்தோம். படித்துக் காட்டியபோது அப்பாயி கையை ஆட்டினார். "நெல்லு மட்டுமா? கொடிய எறக்குன்னான்ல. எறக்கமாட்டேன்னாங்கள்ல." செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கு அடங்கி வா என்று வற்புறுத்தியதும் அந்தத் தகராறின் பகுதி என்பது வரலாற்றில் இருப்பதுதான். எங்களுக்கும் தெரியும். இருந்தும் சுருக்கமாகச் சொல்லும் அவசரத்தில் பசியை வைத்துக்கொண்டு மானத்தை விட்டுவிட்டோம். 'கூலி உயர்வும் சங்க உரிமையும்' என்று திருத்தினோம்.

வினைச்சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கணவரை மிராசுதாரின் காரியக்காரர் மரத்தில் கட்டி அடித்திருக்கிறார். எங்கள் குறிப்பில் 'கணவர் தாக்கப்பட்ட சம்பவம்' என்று இருந்தது. 'பட்ட' என்று எழுதும்போது அடித்தவர் காணாமல் போய்விடுகிறார். 'சம்பவம்' என்றால் அது தானாக நடந்தது போல ஆகிவிடுகிறது. 'காரியக்காரர் தம் கணவரை மரத்தில் கட்டி அடித்ததைக் கூறுகிறார்' என்று எழுதினால் எழுவாய் வந்துவிடுகிறது, சொன்னவர் யார் என்பதும் வந்துவிடுகிறது. இதில் மிகையும் இல்லை, கோபமும் இல்லை. இதேபோல 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்ற வரியையும் எடுத்தோம். அதற்குப் பதிலாக 'ஏழு வயதிலிருந்து பண்ணையில் மாடு மேய்த்தார். பள்ளிக்குப் போகவில்லை' என்று இருக்கிறது. முதல் வரி குறையை அவர் மேல் வைக்கிறது. இரண்டாவது வரி அவர் வாழ்வைச் சொல்கிறது.

சூழல் பத்தி எவ்வளவு நீளம் என்பதிலும் தகராறு. முதலில் இரண்டு பக்கம் எழுதினோம். சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டியது, சாணிப்பாலும் சவுக்கடியும், 1952-இல் ராஜாஜி ஆட்சியில் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், எல்லாம் வந்தது. அவ்வளவையும் படித்துவிட்டுப் பேச்சைக் கேட்பவர், எங்கள் கட்டுரைக்கு உதாரணம் தேடும் காதோடுதான் கேட்பார். நான்கு வரியாகக் குறைத்தோம். அவர் பேச்சில் விளக்கமில்லாமல் வந்து போகும் மூன்று விஷயங்களை மட்டும் வைத்தோம். பண்ணையாள் என்றால் யார், 'சட்டம் வந்தப்போ' என்று அவர் சொல்வது எந்தச் சட்டம், 'கொடி' என்பது எந்தக் கொடி. அவ்வளவுதான் கேட்பவருக்குத் தேவை. மற்றதை அவரே சொல்வார்.

மறைத்து வைத்த பகுதி ஆறு நிமிடம். அதில் வரும் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறையிடம்தான் அப்பாயியின் சொந்தக்காரர்கள் சிலர் இன்றைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர் உயிரோடு இருக்கும்வரை அது வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். முதலில் அதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடலாம் என்று நினைத்தோம். அப்படிச் செய்தால் எண்பது நிமிடம் என்று எழுதியது பொய்யாகிவிடும். 'நிலவுடைமைக் குடும்பம் ஒன்றைப் பற்றிய ஆறு நிமிடம் நீக்கப்பட்டுள்ளது' என்று எழுதினாலோ, ஊரில் அந்தக் குடும்பம் எது என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். 'பேசியவரின் விருப்பப்படி ஆறு நிமிடம் அவர் காலம்வரை மூடி வைக்கப்பட்டுள்ளது' என்று மட்டும் எழுதினோம். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் என்றுகூடப் போடவில்லை. முன்னும் பின்னும் உள்ள பேச்சை வைத்து ஊகித்துவிட முடியும்.

நான்காவது குறிப்பை மார்ச் கடைசியில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முழுதாகப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தோம். மரக்கால் வரி வந்தது. 'கூலி அளக்கும்போது தலை வழித்து அளந்ததை' என்று எழுதியிருந்தோம். கண்ணைத் திறந்தார். "வழிச்சு இல்ல. தட்டி. வழிச்சா சமமாவுல நிக்கும். தட்டுனா குழியுமில்ல?" என்றார். மரக்கால் விளிம்புக்குக் கீழே ஒரு விரல் அளவு குழி விழும்படி தட்டுவதைக் கையால் செய்து காட்டினார். அந்த ஒரு விரலைத்தான் எழுபது வருடமாக அவர் நினைவில் வைத்திருக்கிறார். திருத்தினோம்.

படித்து முடித்ததும், "என் பேரு எங்க?" என்று கேட்டார்.

மகன் போட வேண்டாம் என்றிருந்தார். பேரனுக்கு வேலை, பேத்திக்குக் கல்யாணம், ஊரில் இருக்க வேண்டும் என்று அவருடைய காரணங்கள் எல்லாமே நியாயமானவை. நாங்களும் அதைக் கேட்டு 'பெயர் வெளியிடப்படவில்லை' என்று எழுதியிருந்தோம். அப்பாயியிடம் தனியாகக் கேட்கவில்லை. அதுதான் நாங்கள் செய்ததில் பெரிய தவறு. "இம்புட்டும் சொன்னது நானு. பேரு இல்லன்னா யாரோ சொன்னதாத்தான ஆவும்?" என்றார். மகன் எழுந்து வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இரண்டு படி எழுதினோம். ஒன்றில் அவர் பெயர், அவர் அம்மாவின் பெயர், ஊர், தெரு எல்லாம் இருக்கிறது. அது அவருடைய தகரப் பெட்டியில், ரேஷன் அட்டைக்கு அடியில் இருக்கிறது. இன்னொன்று பெயரில்லாதது. பதிவோடு இருப்பது அது. அதன் கடைசி வரியை அப்பாயியும் மகனும் சேர்ந்து சொல்லி எழுதினோம்: 'பேசியவர் தம் பெயர் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறார். குடும்பத்தாரின் வேண்டுகோளின்படி இப்போது இடம்பெறவில்லை.' மகன் திரும்பி வந்து அதைக் கேட்டார். 'இப்போது' என்ற சொல்லைக் காட்டி, அது இருக்கட்டும் என்றார்.